அஞ்சலட்டை விருந்தாளி

மாசி மகத்தன்று மயிலம் முருகன் வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரி கண்டு திரும்பிவிடுவார். முத்தியால்பேட்டையில் தங்கவந்த சொந்தக்காரர்களும் மறுநாள் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். மற்றவர்கள் "வீடு வந்து சேர்ந்தோம்" என்று போனில் சொல்வதோடு சரி. ஒருவர் மட்டும் அஞ்சலட்டை போடுவார்.

பிரெஞ்சுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வீட்டில் தங்கித் திரும்பினால், சில நாளைக்குள் கைப்பட நன்றி எழுதவேண்டும். 'லெத்ர் து ஷாத்தோ', அதாவது மாளிகைக் கடிதம் என்று அதற்குப் பெயர். 1954 வரை அவர்கள் ஆண்ட புதுச்சேரிக்கு இப்படி ஒரு கடிதம் வருவதில் வியப்பில்லை. ஆனால் அவர்கள் உறையில் போட்டு ஒட்டி அனுப்புவார்கள். நம்மவர் ஐம்பது காசு அட்டையில், பிரிக்க ஏதுமில்லாமல் அனுப்புவார். தபால்காரர், கீழ்வீட்டுக் குடித்தனம், அப்புறம்தான் வீட்டுக்காரர்கள்.

'விருந்து பிரமாதம், நன்றி' என்று முடிப்பது இவருக்குப் பிடிக்காது. அதை எந்த வீட்டுக்கும் எழுதலாமே! அந்த வீட்டில் மட்டும் நடந்ததாக இருக்கவேண்டும். அதற்காகவே இரண்டு நாளும் கண்ணை அகல விரித்துக்கொண்டு திரிவார்.

அப்படி வந்த ஓர் அட்டை:

"பெரியம்மா, விடியற்காலையில் எங்களை எழுப்ப மனமில்லாமல் காப்பியை மூடிவைத்துவிட்டுப் போனீர்களே, மறக்கமாட்டேன். நாங்களெல்லாம் சாமி பார்க்கப் போனபோது பெரியப்பா அத்தனை செருப்புக்கும் காவல் நின்றார். பெரியண்ணன் கூட்டத்தில் தொலைத்த பையன், நீர்மோர்ப் பந்தலில் நாலாவது டம்ளரோடு கிடைத்தானே! சின்ன அண்ணி மீன் குழம்பில் போட்ட மாங்காய் இன்னும் நாக்கில் நிற்கிறது."

பெரியப்பா அட்டையை இரண்டு தடவை படித்தார். அவர் வெயிலில் நின்றதை அந்த வீட்டில் வேறு யாரும் கவனித்திருக்கவில்லை. அதனால்தான் இந்த மனுஷரை வருஷா வருஷம் கூப்பிடுகிறார்கள் போலும்.

பையன் தொலைந்த சங்கதி பெரிய அண்ணிக்கு அன்றுதான் தெரிந்தது. புருஷனை அவர் விசாரித்து முடிக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது. போதாக்குறைக்கு, குழம்பு வைத்ததும் மாங்காய் நறுக்கிப் போட்டதும் அவர்தான். சின்ன அண்ணி பரிமாறினார், அவ்வளவுதான். இது இவருக்கு வழக்கமாக வருகிற தடுக்கல்: கரண்டி பிடித்த கையைப் பார்ப்பார், அடுப்படிக்குள் எட்டிப் பார்க்கமாட்டார்.

பெரியம்மா போன் போட்டு, "ஏம்பா, உனக்கு எழுத வேற விஷயமே கிடைக்கலையா?" என்றார்.

நாலாம் நாள் இன்னோர் அட்டை வந்தது. "மாங்காய் பெரிய அண்ணியுடையது. திருத்திப் படிக்கவும். பையன் தொலைந்த விஷயம் வெளியே தெரியவேண்டாம்."

இதையும் கீழ்வீட்டுக்காரர்தான் முதலில் படித்தார்.