இரண்டு வரைவு, ஓர் அத்தியாயம்

கேள்வி: ஓர் அத்தியாயத்தின் இரண்டு வரைவுகளிலும் உள்ள நல்ல பத்திகளைப் பொறுக்கிச் சேர்த்தால் போதாதா?

பதில்: போதாது, அடுத்தடுத்து உட்கார்ந்துவிட்டதால் மட்டும் நல்ல பத்திகள் உறவாகிவிடுவதில்லை. வாதத்தின் வரிசை செம்மையாக உள்ள வரைவை அடிப்படைப் பிரதியாக, அதாவது மாற்றம் குறிக்கப்படாத இடங்களிலெல்லாம் செல்லுபடியாகும் பிரதியாகக் கொண்டு, மற்றதிலிருந்து முழுப் பத்திகளை மட்டுமே எடுக்க வேண்டும். வாக்கியம் வாக்கியமாகக் கலந்தால் நடை கந்தலாகிவிடும். ஏரிப்பாசனம் பற்றிய அத்தியாயம் ஒன்றில், முதல் வரைவின் 2ஆம் பத்தி, ஏரி நீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் அமைப்பே மதகு என்று விளக்குகிறது என்று கொள்ளலாம். அதை எடுத்துவிட்டு இரண்டாம் வரைவின் விறுவிறுப்பான தொடக்கத்தை அங்கே வைத்தால், 5ஆம் பத்தியில் மதகு அறிமுகமே இல்லாமல் வந்து நிற்கும். இத்தகைய பழுது பெரும்பாலும் ஒட்டுகளில்தான் ஒளிந்திருக்கும் என்பதால், "இது", "மேற்கூறிய" என்ற சொற்கள் எதைச் சுட்டுகின்றன என்று ஒவ்வோர் ஒட்டிலும் பார்த்தாக வேண்டும்.

மாற்றப் பதிவேட்டில், அதாவது எது, எங்கிருந்து, ஏன் வந்தது என்ற குறிப்பில், மதகு விளக்கத்தை 5ஆம் பத்திக்கு நகர்த்தி இந்தப் பழுதைச் சரிசெய்தால், அதற்கான வரி இப்படி அமையும்: "பத்தி 2: இரண்டாம் வரைவின் பத்தி 1 வைக்கப்பட்டது, மதகு விளக்கம் பத்தி 5க்கு நகர்ந்தது, காரணம், தொடக்கத்தின் வேகம்." நீக்கியவற்றையும் இப்படியே எழுதிவைக்க வேண்டும், இல்லையேல் ஒரு பத்தியைக் காணாத நூலாசிரியருக்கு, அது மறதியில் விடுபட்டதா, தெரிந்தே விடப்பட்டதா என்று சொல்ல எவராலும் முடியாது.