இரண்டரையா, அறுபத்திரண்டரையா?

கேள்வி: 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 2.5 சதவீதம் உயர்த்தியது என்கிறார் ஒருவர், 62.5 சதவீதம் என்கிறார் இன்னொருவர். எது சரி?
– வாசகர், பள்ளங்கி

பதில்: வட்டி 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. இரண்டையும் கழித்தால் வருவது 2.5 சதவீதப் புள்ளி. அந்த 2.5-ஐப் பழைய 4-ஆல் வகுத்தால் 62.5 சதவீத உயர்வு. ஆக, இரண்டாமவர் சொன்னது சரி. முதலாமவர் ‘புள்ளி’யை விழுங்கிவிட்டார். அவர் சொன்னபடியே உயர்ந்திருந்தால் வட்டி வெறும் 4.1-தான் ஆகியிருக்கும், கடன்காரர்கள் கிடா வெட்டியிருப்பார்கள்!

ரெப்போவோடு இணைந்த வீட்டுக்கடனைப் பாருங்கள். 7 சதவீதம் 9.5 ஆனால், பாக்கி 10 லட்சத்துக்கு ஆண்டு வட்டி சுமார் 70,000 ரூபாயிலிருந்து 95,000 ஆகும். ஏறியது அதே 2.5 புள்ளி, வட்டிச் சுமையோ ஏறத்தாழ 36 சதவீதம் கூடுகிறது. வேலையின்மை விகிதம் இத்தனை சதவீதம் கூடியது என்று வரும் செய்திக்கும் இதே கணக்குதான். ‘எத்தனையிலிருந்து எத்தனைக்கு?’ என்று சொல்லாத செய்தியை நம்பாதீர்கள்.