மைக் அண்ணன்

தங்கைக்குக் குரூப் 1 தேர்வில் துணை ஆட்சியர் பதவி கிடைத்துவிட்டது. அம்மா அழுகிறார். அப்பா பிள்ளையார் கோயிலுக்குத் தேங்காய் உடைக்க ஓடுகிறார். அந்த நேரத்தில் ஃபிளெக்ஸ் கடை வாசலில் நின்று, “அர்ஜென்ட் தம்பி, சாயங்காலத்துக்குள்ள கட்டணும்” என்று சொல்லிக்கொண்டிருப்பவர் யாரோ, அவர்தான் மைக் அண்ணன்.

அவரைப் பொறாமைக்காரர் என்று சொன்னால் நமக்குத்தான் பாவம். தங்கை மேல் உயிரையே வைத்திருப்பவர். டியூஷன் முடிந்து இருட்டில் வந்தவளைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து அழைத்துவந்தவர், பீஸ் கட்டக் கைமாற்று வாங்கியவர். அத்தனையும் உண்மை. அவருக்கு இருப்பது ஒரே ஒரு வியாதிதான். தங்கையைப் பற்றிப் பேச வாயைத் திறந்தால், இரண்டாவது வாக்கியத்தில் அவரே வந்து நிற்பார்.

முதல் அறிகுறி செல்போனில் தெரியும். குரூப் 1-இல் முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்முகத் தேர்வு என்று மூன்று வாசல் தாண்டி, கடைசியில் கலந்தாய்வில்தான் எந்தப் பதவி என்பது முடிவாகிறது. கலந்தாய்வு முடிந்து வெளியே வந்த தங்கை, வீட்டுக்கு அடுத்தபடியாகத் தன் எட்டாம் வகுப்பு டீச்சருக்குத் தானே போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக ஆசை வைத்திருந்தாள். போட்டாள். “தெரியும்மா, அண்ணன் ஸ்டேட்டஸ்ல பார்த்தேன்” என்றார் டீச்சர். அந்த ஸ்டேட்டஸ் படம் ஒரு செல்ஃபி. முக்கால் பாகம் அண்ணன் முகம், மீதியில் தங்கையின் ஒரு காது, ஒரு கண். போனைப் பிடித்த கை அண்ணனுடையது என்பதால் வந்த அளவு அது, வேறு கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் நல்ல சேதியை முதலில் சொல்லும் சந்தோஷம் யாருக்குச் சேர வேண்டும் என்ற யோசனை அவருக்கு வரவே இல்லை. அவள் சொல்லி முடித்தாளா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

இனி ஃபிளெக்ஸ் கடை. டிசைன் போடும் பையன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதலில் கேட்பது, “மெயின் போட்டோ யாருதுண்ணே?” என்றுதான்.

“தங்கச்சிதான்பா. நான் சும்மா ஓரமா.”

இங்கேதான் விஷயம் இருக்கிறது. தங்கையின் படம் என்று அண்ணன் கையில் இருப்பது, ஹால் டிக்கெட்டிலிருந்து போனில் பிடித்த ஒரு பாஸ்போர்ட் சைஸ் முகம். அதைப் பத்துக்கு எட்டு அடியில் பெரிதாக்கினால் மூக்கு கட்டம் கட்டமாக உடையும். பையன் தயங்கி, “கிளாரிட்டி இல்லண்ணே, சின்னதா வெச்சுக்கலாம்” என்பான். அண்ணன் படமோ, மச்சான் கல்யாணத்தில் கேமராக்காரர் எடுத்தது. வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை, முழு உயரம், ஒவ்வொரு மீசை முடியும் தெளிவு. அது எந்த அளவுக்கும் தாங்கும். ஆகவே ஓரமாக நிற்க வந்தவர், கீழிருந்து மேல் வரை நிற்கிறார். தங்கை மேலே வலது மூலையில், ஒரு வட்டத்துக்குள், தபால் தலை போல ஒட்டப்பட்டிருக்கிறாள். “சதுர அடிக்குத்தான்ணே காசு, தலைக்கு இல்ல” என்று பையன் சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம். கீழ் வரிசையில் நண்பர்கள் ஆறு பேர், பெரிய மாமா, வட்டச் செயலாளர் எல்லோரும் ஏறிக்கொள்வார்கள். தட்டியைக் கட்டி முடித்ததும் பால்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, “எந்த வார்டுல நிக்கிறீங்க?” என்று கேட்டார்.

உயிரோடு இருப்பவர்களின் படத்தைப் பேனரில் போடக் கூடாது என்று 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. வந்த வேகத்தில் அது மேல்முறையீட்டுக்குப் போனது. மைக் அண்ணன்கள் அந்த நாட்களை எப்படிக் கழித்தார்களோ!

சரி, சாயங்காலம் பாராட்டு விழா. மைக் கைக்கு வருகிறது. ஒரு தரம் தட்டிப் பார்க்கிறார். தொடங்குகிறார்.

“எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு இவ துணை ஆட்சியர். ஆனா இவ ஆறாவது படிக்கும்போது சைக்கிள்ல பின்னாடி உக்கார வெச்சு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனது யாரு? நான்தான். டிகிரி முடிச்சிட்டுச் சும்மா இருந்தவளைக் கோச்சிங் சேர்த்துவிட்டது யாரு? நான்தான். ரெண்டு தடவை பிரிலிம்ஸ்லயே போயிட்டா. ரூமைச் சாத்திக்கிட்டு அழுதா. நான் கதவைத் தட்டி, ‘அழாத, நான் இருக்கேன்’னு சொன்னேன். எனக்கும் எழுதணும்னு ஆசைதான். குடும்பச் சூழ்நிலை, விட்டுட்டேன்…”

தங்கை தலை குனிகிறாள். இரண்டு முறை முதல்நிலையில் தவறியது வீட்டு நாலு சுவருக்குள் இருந்த சேதி. தோற்றதை வெளியில் சொல்வதும் சொல்லாததும் அவள் உரிமை. சொன்னால் அவள் வாயால் சொல்லும்போதுதான் அதற்கு மரியாதை. அண்ணன் வாயில் அது தான் செய்த உதவிக்கு ஆதாரமாகிவிட்டது. அதோடு நின்றாரா? “அரசாங்க வேலைக்குப் போறா, கை சுத்தமா இருக்கணும்” என்று சேராத வேலைக்கு அறிவுரை சொன்னார். “அடுத்து நல்ல வரனாப் பார்த்து முடிச்சுட்டா என் கடமை முடிஞ்சுது” என்று முடித்தார். சிறப்பு விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்க்க, தெருக்காரர்கள் தங்கைக்குப் பொருத்தமான பையன் யார் என்று தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். துணை ஆட்சியர் பதவி அங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை.

இப்படிப்பட்ட பேச்சை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. நம் தமிழில் ‘நான்’ என்பதை விழுங்கிவிட்டுப் பேசலாம், ஆனால் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். கொண்டுவிட்டேன், சேர்த்தேன், சொன்னேன், கட்டினேன். எழுதிய தாளில் இந்த ‘ஏன்’களைக் கோடிட்டு அடித்துக்கொண்டே வாருங்கள். மிஞ்சுவதுதான் வாழ்த்து. மேலே உள்ள பேச்சில் வாழ்த்தாக மிஞ்சுவது, “எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு இவ துணை ஆட்சியர்” என்பது. அதோடு நிறுத்தியிருந்தால் கைதட்டல் நிச்சயம்.

இதற்கு நேர் எதிர்ப் பேர்வழியும் உண்டு. தன்னை முன்னிறுத்திவிடுவோமோ என்ற பயத்தில் குடும்பக் குழுவில் “வாழ்த்துகள்” என்று ஒரு சொல், பக்கத்தில் கும்பிட்ட கை, அவ்வளவுதான் போடும் தம்பி. ஆபீசில் பதவி உயர்வு பெற்ற மேனேஜருக்கும் இதையேதான் போட்டிருப்பான். கூடப் பிறந்தவன் சொல்லும் வாழ்த்து கூடப் பிறந்தவன் சொன்னதாகத் தெரிய வேண்டாமா?

அதே மேடையில் மூத்த அக்காவும் இருந்தார். தையல் கடை வைத்திருப்பவர், மேடைப் பழக்கம் கிடையாது. “அக்கா ரெண்டு வார்த்தை” என்று மைக்கை நீட்டினார்கள். எழுந்தார்.

“மெயின்ஸ் பரீட்சைல ஒரு பேப்பருக்கு மூணு மணி நேரம் கையால எழுதணும். அதுக்காக இவ விடியக்காலைல எழுந்து, கடிகாரத்தை முன்னாடி வெச்சுக்கிட்டு, என் கடை பில் புக்குக்குப் பின்னாடியெல்லாம் எழுதிப் பார்ப்பா. விரல் வீங்கி, பிளாஸ்திரி சுத்திக்கிட்டு எழுதினதை நான் பார்த்தேன். ஒரு நாள்கூடக் கை வலிக்குதுன்னு சொன்னதில்ல. அந்தக் கைதான் இனிமே கையெழுத்துப் போடப் போகுது. எங்களுக்கு ரொம்பப் பெருமையா இருக்கு. நீ பேசும்மா.”

மைக்கைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பின்வரிசையில் இருந்த டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா பேச்சிலும் ஒரு ‘ஏன்’ இருக்கிறது, கவனித்தீர்களா? ‘பார்த்தேன்.’ அது இருக்கலாம். பார்த்த சாட்சியாகக் கூடப் பிறந்தவர் வரலாம், வரத்தான் வேண்டும். பிளாஸ்திரி சுற்றிய விரலை மாவட்ட ஆட்சியர் வந்து பேசினாலும் சொல்ல முடியாது, ஒரே வீட்டில் படுத்து எழுந்தவருக்குத்தான் அது தெரியும். பேச்சில் பாசம் வந்தது அந்த ஒரு விரலால்தான். பரீட்சை எவ்வளவு கடினம் என்பதையும் அக்கா அதே மூச்சில் சொல்லிவிட்டார், பில் புக் தன்னுடையது என்பதையும் சொல்லிவிட்டார், ஆனால் “நான் கொடுத்தேன்” என்று சொல்லவில்லை. அழுத கதை இல்லை, அறிவுரை இல்லை, வரன் இல்லை.

வாழ்த்துபவர் வாழ்த்தப்படுபவரைவிடப் பிரபலமானவராக இருந்தால் சங்கடம் இன்னும் கூடுதல். நம் சென்னையின் செஸ் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அக்கா வைஷாலி, தம்பி பிரக்ஞானந்தாவைவிட நான்கு வயது மூத்தவர், வீட்டில் செஸ் காய்களை முதலில் தொட்டவரும் அவர்தான். ஆனால் தம்பி 2018-லேயே கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட்டதால், ஊர் அவரைப் ‘பிரக்ஞானந்தாவின் அக்கா’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. 2023 டிசம்பரில் ஸ்பெயினில் நடந்த போட்டியில் அவர் 2500 ரேட்டிங் புள்ளிகளைத் தாண்டி கிராண்ட்மாஸ்டர் தகுதியை எட்டினார். கொனேரு ஹம்பி, ஹரிகாவுக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்த மூன்றாவது இந்தியப் பெண். ஆனாலும் செய்திகளில் பெரிதாக வந்தது, உலகத்தின் முதல் அக்கா-தம்பி கிராண்ட்மாஸ்டர் ஜோடி என்பது. தம்பி ஒன்றும் செய்யவில்லை, பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. இப்படிப்பட்ட நிலையில் இருக்கும் தம்பியோ அண்ணனோ பொதுவில் வாழ்த்தும்போது ‘ஜோடி’, ‘நாங்கள்’, ‘நம் குடும்பம்’ எதையும் எடுக்காமல், வாழ்த்தப்படுபவரின் பெயர், அவர் ஆடிய ஆட்டம், அவ்வளவோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. மிச்சத்தைப் பேப்பர்காரர்கள் எப்படியும் எழுதிவிடுவார்கள்.

உள்ளூர் மைக் அண்ணன்களுக்கு ஒரு விண்ணப்பம். விழா அன்று உங்களுக்கு வேலை நிறைய இருக்கிறது. நாற்காலி எண்ணி இறக்க ஆள் வேண்டும், பந்தியில் சாம்பார் வாளியோடு நடக்க ஆள் வேண்டும், டீச்சரைப் பஸ் ஏற்றிவிட ஆள் வேண்டும். ஃபிளெக்ஸ் அடித்தே ஆக வேண்டும் என்றால் அடியுங்கள். முதல் நாளே தங்கையை ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போய் நல்ல படம் ஒன்று எடுத்து, அதை மட்டும் போட்டு அடியுங்கள். சதுர அடிக்குத்தான் காசு, உங்கள் தலையை எடுத்துவிட்டால் ஒரு ரூபாய்கூட அதிகம் கேட்க மாட்டார்கள்.