பிழையே இல்லாத செக்ரோல் தயாரிப்பது எப்படி?

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மாதக் கொழுந்துக் கணக்கைக் கணினியில் ஏற்றும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 பேர், 25 நாள், ஆக 1500 கட்டங்கள். ஒரே ஏட்டை இரண்டு கிளாக்கர்மார் தனித்தனியே தட்ட வேண்டும், பிறகு இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு.

வித்தியாசம் ஒன்றுகூட வராமல் பார்த்துக்கொள்வது சுலபம். இருவரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். எழுத்து விளங்காத இடத்தில் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வரட்டும். அதற்கும் நேரமில்லையா? முதலாமவரின் கோப்பை நகலெடுத்து இரண்டாமவர் பெயரில் சேமித்துவிடுங்கள். வித்தியாசம் பூச்சியம். தொரைக்கு ரொம்பச் சந்தோஷம்.

இந்தப் புத்திமதியைக் கேளாத பிடிவாதக்காரர்கள் இருவரையும் வேறு வேறு அறையில் வைப்பார்கள். 52 கட்டங்களில் இலக்கம் ஒத்துவராது. ஏட்டைப் புரட்டிப் பார்த்தால் 30 முதலாமவரின் பிழை, 20 இரண்டாமவரின் பிழை. மீதி இரண்டில் இருவருமே பிழை, ஆளுக்கொரு விதமாக. 52ஐயும் திருத்தியாயிற்று, கடையைக் கட்டலாம் என்று எழுந்துவிடுங்கள். எழாதவருக்குத்தான் தலைவலி: இருவரும் ஒரே மாதிரிப் பிழைவிட்ட கட்டம் ஒப்பிடும்போது சத்தமே போடாது. அப்படி எத்தனை?

ஒருவர் பிழைக்கும் மற்றவர் பிழைக்கும் தொடர்பே இல்லையென்றால், இருவரும் சேர்ந்து தவறும் கட்டங்கள் ஏறத்தாழ 30 × 20 ÷ 1500, அதாவது 0.4. ஒன்றுகூட இல்லை. ஆனால் வேறு வேறு விதமாகத் தவறியவை மட்டுமே இரண்டு கையில் இருக்கின்றனவே! அப்படியானால் இரு பிழைகளும் ஒரே இடங்களைத் தேடிப் போகின்றன, 0.4ஐ நம்பி உட்கார முடியாது.

இடம் எதுவென்று மடுவத்தில் நின்றவருக்குத் தெரியும். மழையில் நனைந்த பக்கத்தில் 7இன் தலை அழிந்து 1 ஆகிவிடும். இருவருமே 17ஐ 11 என்று தட்டுவார்கள். நோம் 16 கிலோ என்றால், அன்றைய முழுப்பேர் அரைப்பேராகும்.

ஆகவே 52 வித்தியாசங்களும் எந்தப் பக்கங்களில் குவிகின்றன என்று பாருங்கள். அந்தப் பக்கங்களில் ஒத்துப்போன கட்டங்களையும், முந்தைய இருவர் தட்டியதைக் காணாத மூன்றாமவர் ஏட்டிலிருந்து மறுபடி தட்டட்டும். மீதிப் பக்கங்களில் சீட்டுக் குலுக்கி 100 கட்டங்களைச் சரிபாருங்கள். ஒன்றுகூடப் பிழையில்லையா? கைதட்ட வேண்டாம். அப்போதும் நூற்றுக்கு மூன்று வரை பிழை ஒளிந்திருக்க இடமுண்டு. இன்னும் இறுக்கமாகச் சொல்ல வேண்டுமானால் இன்னும் அதிகம் குலுக்க வேண்டும்.

சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் தராசடியில் கழித்த கிலோவோ ஏட்டுக்கே வருவதில்லை. ஏட்டை எத்தனை பேர் தட்டினாலும் இலக்கம் அழகாக ஒத்துப்போகும். அந்த வித்தியாசத்தைக் கணக்கெடுக்கக் கணினி வேண்டாம், கூடையைத் தூக்கி வந்த அக்காவைக் கேட்டால் போதும்.