தற்காலிகம் எத்தனை நாள்?

பெறுநர்: பாடசாலைகளை மூடவும் திறக்கவும் அதிகாரம் பெற்ற சகலரும், கொழும்பு.
அனுப்புநர்: வன்னிப் பெற்றோர், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா.
விடயம்: தொற்றுநோய் காரணமாகப் பாடசாலைகள் ‘தற்காலிகமாக’ மூடப்படுவதாகப் பெற்றோருக்கு அனுப்பப்படும் கடிதம்.

மேற்படி விடயம் தொடர்பில் வன்னிப் பெற்றோர் தாழ்மையுடன் அறியத்தருவது யாதெனில், 2020 மார்ச் 12ஆம் திகதி விடுக்கப்பட்ட அறிவித்தல் அவர்களுக்கு ஒழுங்காகவே கிடைத்தது. மறுநாள் தொடக்கம் ஏப்ரல் 20 வரை நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்படும் என்று அதில் இருந்தது. தொடங்கும் திகதி சரியாகவே தொடங்கியது. முடியும் திகதியைத்தான் பெற்றோர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 20 வந்தது, மணி அடிக்கவில்லை. ஜூலை 6ஆம் திகதி தரம் 5, 11, 13 பிள்ளைகள் மட்டும் அழைக்கப்பட்டார்கள். தேய்த்து வைத்த வெள்ளைச் சட்டை ஒரு கிழமைகூட அழுக்காகவில்லை, கந்தகாட்டுக் கொத்தணி வந்து 13ஆம் திகதி மறுபடி மூடியாயிற்று. ஒக்டோபரில் மினுவாங்கொடைக் கொத்தணி. அடுத்த ஆண்டு ஏப்ரல் கடைசியில் இன்னொரு மூடல். அதற்குப் பிறகு 2021 ஒக்டோபர் 21ஆம் திகதிதான், 200க்குக் குறைந்த மாணவர் உள்ள பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவு முதலில் திறந்தது. 2020 ஜனவரியில் முதலாம் தரத்தில் ஏடு தொடங்கிய பிள்ளை, அப்போது இரண்டாம் தரத்தில் நின்றது. தன் வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டால் வாட்ஸ்அப் குழுவைப் பார்த்துத்தான் சொல்லும்.

கிருமி கேட்டுக்கொண்டு வருவதில்லை, மூடாமல் விட்டிருக்கவும் முடியாது என்பது பெற்றோருக்குத் தெரியும். அவர்களுடைய வழக்கு கிருமியோடு அல்ல, ‘தற்காலிகம்’ என்ற சொல்லோடு. இந்தச் சொல்லுக்கும் வன்னிக்கும் பழைய உறவு உண்டு. 2009இல் மெனிக் பாம் முகாமும் தற்காலிகம்தான். அது மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். அதன் பின் கிடைத்த தகரக் கொட்டில்களும் தற்காலிகம்தான். ஆகவே சுற்றுநிருபத்தில் அந்தச் சொல்லைக் கண்டதும் யாராவது ஒரு தாய் இரண்டு வருடத்துக்குக் கிடுகு சேர்க்கத் தொடங்கியிருந்தால், அது பீதி அல்ல, அனுபவம்.

அடுத்து, சுகாதார ஆலோசனை. ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு 20 செக்கன் கை கழுவுமாறு கேட்கப்பட்டது. ஒட்டுசுட்டானுக்கு அப்பால் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே ஓடுவது நீர் அல்ல, நீர் அள்ளப் போகும் பிள்ளை. கிணற்றடியில் ஒரு வாளி, ஒரு செம்பு. ஒருவர் வார்க்க மற்றவர் கழுவ வேண்டும். வார்க்க ஆள் இல்லாதபோது நாலு பிள்ளைகளும் ஒரே வாளிக்குள் கை விடுவார்கள். முதலாவது பிள்ளையின் கையிலுள்ளது நாலாவது பிள்ளையின் கைக்குப் போக இதைவிட நல்ல வழி கிடையாது. கடிதத்தைப் பின்பற்றிய திருப்தி மட்டும் எல்லோருக்கும் மிஞ்சும்.

‘ஓடும் நீர்’ என்றால் குழாய் என்று பொருள் இல்லை. கழுவிய அழுக்கு நீர் திரும்பக் கையில் படக்கூடாது என்பதே பொருள். கிருமியின் மேலிருக்கும் கொழுப்பு உறையைக் குலைப்பது சவர்க்காரம், 20 செக்கன் அதற்கான அவகாசம். தேய்க்கும் நேரத்தில் நீரே வேண்டியதில்லை. ஐந்து லீற்றர் கான் ஒன்றின் அடிப்பக்கத்தில் ஆணியால் துளையிட்டு, அந்த ஆணியையே அடைப்பாக வைத்து வேலியில் கட்டினால், ஆணியை இழுக்க நீர் ஓடும், செருக நிற்கும். இந்த மூன்று வரியை எழுதக் கடிதத்தில் இடம் இல்லாமல் போனது. ‘மேன்மைதங்கிய’ என்பதற்கு இடம் இருந்தது.

கல்வி தடைப்படாது என்றும் சொல்லப்பட்டது. ஈ-தக்சலாவ இணையத்தளம் இருந்தது, நேத்ரா தொலைக்காட்சியில் தமிழில் பாடம் போனது, ஆசிரியர்களும் தங்கள் காசில் டேட்டா போட்டுப் பாடம் அனுப்பினார்கள். வீட்டில் இருந்ததோ ஒரு கைபேசி. அது காலையில் அப்பாவோடு வயலுக்குப் போய், மாலையில் நாலு வீதச் சார்ஜோடு திரும்பி வரும். அதில் மூன்று பிள்ளைகளின் மூன்று வகுப்புப் பாடம். இது வன்னியின் குறை மட்டும் அல்ல. பதுளைப் பக்கம் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியையும் சிக்னல் தேடிக் காட்டு வழியே மலை ஏறிய செய்தி 2021இல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. வன்னி சமதரை. ஏற மலையும் இல்லை.

இனிமேல் வரப்போகும் கடிதங்கள் பற்றியும் பெற்றோருக்கு ஒரு கவலை உண்டு. எந்த நோய் வந்தாலும் அதே கடிதம், தலைப்பு மட்டும் மாறும் என்ற கவலை. டெங்குக்குக் கை கழுவிப் பயனில்லை. மூடிய பாடசாலையின் பூச்சாடியிலும் பீலியிலும் நீர் தேங்கினால் நுளம்புக்குத்தான் விடுமுறை, அதுவும் குடும்பத்தோடு. அங்கே எழுத வேண்டியது, காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர அஸ்பிரினோ ஐபுபுரோஃபெனோ கொடுக்க வேண்டாம், காய்ச்சல் விட்ட பிறகும் வயிற்று வலியோ ஓயாத வாந்தியோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரி என்பது. எலிக்காய்ச்சல் பிள்ளைக்குப் பிள்ளை தொற்றுவது அரிதிலும் அரிது. காலபோகத்தில் பாடசாலையை மூடினால் பிள்ளை அப்பாவோடு அந்த நோய் இருக்கும் வயல் சேற்றுக்கே போய் இறங்கும். கொப்புளிப்பானுக்கு முழுப் பாடசாலையையும் பூட்டத் தேவையில்லை. கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை அந்தப் பிள்ளை வீட்டில் நின்றால் போதும்.

ஆகையால் பெற்றோர் தாங்களே ஒரு மாதிரிக் கடிதம் வரைந்து இத்துடன் இணைக்கிறார்கள். அரைப் பக்கம்தான்:

“நோயின் பெயர் இது. இப்படித்தான் தொற்றும். இந்த அறிகுறி தெரிந்தால் பிள்ளையை வீட்டில் வைத்திருங்கள். இந்த அறிகுறி தெரிந்தால் காத்திருக்காமல் 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை இந்த இலக்கத்தில் கேளுங்கள். நோய் வந்த பிள்ளை எப்போது திரும்பி வரலாம் என்பது இது. கைபேசி இல்லாத வீட்டுக்கு அச்சிட்ட பாடத்தாள் இந்தக் கிழமை இந்த இடத்தில் கிடைக்கும். மதிய உணவை நம்பியிருக்கும் பிள்ளைகளுக்கான உலர் உணவு இந்த நாளில் தரப்படும்.”

திறக்கும் திகதிக்கு அதில் ஒரு வெற்றிடம் விடப்பட்டிருக்கிறது. திகதி தெரிந்தால் நிரப்பவும். தெரியாவிட்டால் ‘தற்காலிகம்’ என்று எழுதாமல் ‘தெரியாது’ என்றே எழுதி, அடுத்த அறிவித்தல் எந்த நாளில் வரும் என்பதை மட்டும் குறிப்பிடவும். பதிலைத் தமிழில் அனுப்புமாறும் பெற்றோர் பணிவுடன் கேட்டுக்கொள்கிறார்கள்.