நான் எதிர்பாக்கதே இல்ல, அண்ணாச்சி

தென்காசியில் பெரிய கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் கடை வைத்திருக்கிற எங்கள் டெய்லர் எதையும் எதிர்பார்க்கிறவர் இல்லை. இது என் கருத்தல்ல, அவருடைய அறிக்கை. புரட்டாசி பிறந்ததும் வெளியிட ஆரம்பித்தால், தீபாவளிக்கு முந்தின ராத்திரி வரை நாள் தவறாது.

"நான் எதிர்பாக்கதே இல்ல, அண்ணாச்சி. போன வருசம் பேங்க் சார் கவர்ல 501 வச்சு நீட்டுதாவ. எதுக்கு சார்னு கேக்கேன், சட்டைப் பையில சொருகிட்டுப் போயிட்டாவ. செங்கோட்டை டீச்சரம்மா வேட்டியும் துண்டும் கொண்டாந்தாவ. நான் கேட்டனா? கடையநல்லூர் பாய் வருசா வருசம் ரம்ஜானுக்கு ஒரு வாளி பிரியாணி குடுத்து விடுதாவ. அவுக குடுக்கதுக்கு நாம என்ன செய்ய முடியும், சொல்லுங்க."

இதை என் முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டார். என் துணியில் சாக்பீஸால் கோடு இழுத்துக்கொண்டே, துணியிடம் சொல்வார். பட்டியலில் ஒரு ஒழுங்கு உண்டு. பெரிய தொகை முதலில், பிறகு வேட்டி, பிறகு பிரியாணி, கடைசியில் யாரோ ஒருவர் கொடுத்த ஒன்றரைக் கிலோ அல்வா. அது முடிந்ததும் ஊசியில் நூல் கோக்கக் குனிவார். நூல் ரொம்ப நேரம் நுழையாது. அந்த இடைவெளி என் பெயருக்காக விட்டது.

குற்றாலம் ரோட்டில் நான் முடி வெட்டுகிற கடைக்காரரிடம் இந்தத் தொல்லையே கிடையாது. துண்டை உதறும்போது, "தீபாவளி வருதுல்லா அண்ணாச்சி" என்பார். நூறு ரூபாய் கூட வைப்பேன். "சந்தோசம்" என்பார். கணக்குத் தீர்ந்தது. வீட்டம்மா போகிற பியூட்டி பார்லரில் ஐப்பசி முதல் தேதியே கண்ணாடிப் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு ஓர் உண்டியல் உட்கார்ந்துவிடும். கேட்கிற முறையில் கௌரவம் குறைவு என்று நம் டெய்லர் நினைக்கலாம். வாங்குகிறவனுக்கும் கொடுக்கிறவனுக்கும் தூக்கம் வருகிறதே, அது போதாதா?

எதிர்பார்க்காதவரின் கடையில் எதிர்பார்ப்பு எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிக்க எனக்குச் சில தீபாவளிகள் ஆயின. வாசலில் 'தீபாவளி ஆர்டர் முடிந்தது' என்று அட்டை தொங்கும். உள்ளே ஆர்டர் எடுத்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு துணியிலும் ரசீதின் பாதியைக் குண்டூசியால் குத்தி இரண்டு அடுக்காக வைப்பார். வெட்டுவது அவர். தைப்பது மூன்று பேர், எல்லாம் பீஸ் கணக்கு. தைத்து முடிந்த சட்டை காஜா எடுக்க பஜாரில் இருக்கிற மெஷின் கடைக்குப் போகும். ஊரிலுள்ள அத்தனை டெய்லர்களின் சட்டையும் கடைசி வாரத்தில் அந்த ஒரே கடை வாசலில்தான் குவியும். போதாததற்கு ஐப்பசி மழை. குற்றாலப் பேரருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டிருப்பார்கள், இங்கே கரண்டு போயிருக்கும். ஆகவே, "காஜாவுக்குப் போயிருக்கு அண்ணாச்சி" என்று அவர் சொன்னால் எதிர்த்துப் பேச முடியாது. ஆனால் நான் நிற்கும்போதே பேங்க் சாரின் சட்டை காஜா எடுத்து, பட்டன் கட்டி, இஸ்திரி போட்டு, கவரில் வந்து இறங்கும். என் கட்டம் போட்ட துணியோ இரண்டாவது அடுக்கில், கை கூடப் பூட்டாமல், எட்டிப் பார்க்கும். காஜாவுக்குப் போன சட்டை அலமாரியில் எப்படியய்யா இருக்கும்?

சரி, கொடுத்துவிடலாம் என்றால் என்ன கொடுப்பது? ஸ்வீட் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். தீபாவளி வாரத்தில் அவர் கடை ஸ்டூலுக்குப் பக்கத்தில் அட்டைப் பெட்டிகள் கூரை வரை நிற்கும்; மனிதருக்குச் சர்க்கரை வேறு. எல்லாம் காஜா கடைப் பையன்களுக்குப் போய்விடும், உங்கள் பேரில் ஒரு வரவும் ஏறாது. பணமோ வேட்டியோதான் ஏறும். எவ்வளவு என்றால், ஒரு சட்டையின் தையல் கூலி. அமெரிக்காவில்கூட கிறிஸ்துமஸுக்கு வழக்கமான முடிதிருத்துநருக்கு ஒரு முடிவெட்டின் கூலி அளவுக்குக் கொடுப்பார்களாம். டாலர்க்காரனுக்கும் தென்காசிக்காரனுக்கும் கணக்கு ஒன்றுதான். அடுத்து, எப்போது? துணி கொடுக்கும்போதே. தீபாவளி கழிந்து கொடுத்தால் அன்பு, ஆனால் அந்த வருடச் சட்டைக்கு உதவாது. முந்தின நாள் கொடுத்தால் எல்லார் கண்ணுக்கும் லஞ்சம்.

இந்தக் கணக்கெல்லாம் நானாகப் போட்டது. அவர் வாயால் கேட்கலாமே என்று ஒரு தடவை நேரடியாகவே கேட்டேன். "கூலி 400 தானே? ஐப்பசிக்கு மட்டும் 500-னு போர்டுல எழுதிப் போட்டுருங்க. உங்களுக்கும் லேசு, எங்களுக்கும் லேசு."

மெஷின் நின்றது. பட்டன் கட்டிக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்தான். "அண்ணாச்சி, என்னைப் போயி அப்படி நினைச்சிட்டியளே" என்றார். கண் கலங்கிவிடுமோ என்று பயந்தேன். பிறகு குரலைத் தாழ்த்தி, வியாபாரம் பேசினார். "நூறு கூட்டுனா பாதிப் பேரு ரெடிமேடுக்குப் போயிருவாவ. அங்க 400-க்குத் துணியோட சேத்து சட்டையே கிடைக்கு. கூலி அதே கூலிதான் இருக்கணும். முடிஞ்சவுக பாத்துச் செய்யட்டும். முடியாதவுகளுக்கும் தைக்கத்தானே செய்யுதேன்."

தைக்கத்தான் செய்கிறார், தீபாவளி விடியக்காலம் மூன்று மணிக்கு. இருந்தாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதுதான் எரிச்சல். மாதச் சம்பளக்காரனுக்குப் போனஸ் சட்டம் இருக்கிறது, குறைந்தது 8.33 சதவீதம், அதாவது கணக்கில் எடுக்கிற வருடச் சம்பளத்தில் ஒரு மாதத்துப் பங்கு. ஆனால் 20 பேராவது வேலை பார்க்கிற இடத்துக்குத்தான் அந்தச் சட்டம். மூன்று தையல்காரரும் ஒரு பையனும் இருக்கிற கடைக்குள் அது நுழையாது. அந்த நாலு பேருக்கும் தீபாவளிக்குத் துணியும் பணமும் இவர்தான் கொடுத்தாக வேண்டும். பேங்க் சார் மாதிரி ஆட்களின் கவர்கள் நேராக அவர்கள் கைக்குப் போவதை நானே பார்த்திருக்கிறேன். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, கையில் கனம் பார்த்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். டீச்சரம்மாவின் வேட்டி, கைக்குப் பட்டி அடிக்கிற பெரியவருக்குப் போனது. தனக்கென்று அவர் எடுத்துக்கொண்டது, சாப்பிடக் கூடாத அல்வாவில் ஒரு துண்டு.

அதனால் கோபம் தீர்ந்ததா என்றால் இல்லை. இதை முதலிலேயே, "பயலுவளுக்குத் தீபாவளி குடுக்கணும், ஏதாவது போடுங்க" என்று சொல்லித் தொலைத்திருந்தால் நான் இத்தனை நள்ளிரவு அந்த ஸ்டூலில் கொசுக்கடியில் உட்கார்ந்திருக்க மாட்டேன்!

இந்த வருடம் புரட்டாசியிலேயே துணியோடு கவரையும் நீட்டிவிட்டேன். நானூற்று ஒன்று.

"என்ன அண்ணாச்சி இது, நான் எதிர்பாக்கவே இல்லையே" என்று அதைச் சட்டைப் பையில் வைத்தார். ரசீது முதல் அடுக்குக்குப் போனது. "தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கையிலயே வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கிடுங்க."

வெள்ளிக்கிழமை போனேன். "காஜாவுக்குப் போயிருக்கு" என்றார். அலமாரியைத் துழாவினேன். இல்லை, நிஜமாகவே போயிருந்தது. பஜாருக்கு நடந்தேன். காஜா கடை வாசலில் சட்டை மலையின் அடியில் என் கட்டம் தெரிந்தது. கடைக்காரர் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

"நேத்து ஒரு சார் ஒரு பாக்ஸ் ஸ்வீட்டும் இருநூறு ரூவாயும் குடுத்துட்டுப் போறாவ, அண்ணாச்சி. நான் எதிர்பாக்கதே இல்ல."