பன்னிரண்டு உயிரையும் ஒரே சனிக்கிழமையில் முடிப்பது எப்படி?

ஸ்காபரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்க ஒப்புக்கொண்டு விட்டீர்கள். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள். அ முதல் ஔ வரை சொல்லிக்கொடுக்க வேண்டும். கவலை வேண்டாம், இதற்குக் காலங்காலமான முறை ஒன்று இருக்கிறது. அதை அப்படியே பின்பற்றினால் பிள்ளை பன்னிரண்டு எழுத்தையும் கணீரென்று பாடும். தனியாக ஒன்றைக் காட்டிக் கேட்டால் மட்டும் முழிக்கும். ஜனவரி தமிழ் மரபுத் திங்கள் விழாவில் மேடையேற்றப் பாட்டே போதும்.

முதல் வேலை, பன்னிரண்டையும் ஒரே நேரத்தில் பலகையில் எழுதுவது. அ-விலிருந்துதான் தொடங்க வேண்டும். பென்சில் பிடிக்கவே சிரமப்படும் கைக்கு அதைவிடப் பொருத்தமான எழுத்து கிடையாது: சுழித்துத் தொடங்கி, வளைந்து இறங்கி, இடப்பக்கம் சுற்றி, குறுக்கே ஓடி, கடைசியில் நேர்கோடு. பிள்ளை நேர்கோட்டை முதலில் போட்டுவிட்டுச் சுழியைப் பிறகு ஒட்டவைக்கும். தடுக்காதீர்கள். தாளில் பார்த்தால் அ மாதிரித்தானே இருக்கிறது! கை பழகிய திசை தவறு என்பது ஆ-வுக்கு வரும்போதுதான் தெரியும். கோட்டை முடித்த கையோடு கீழே சுழிக்க வேண்டிய இடத்தில், பென்சில் வேறெங்கோ நிற்கும்.

பக்கத்து வகுப்பு ஆசிரியை உ-வில் தொடங்குகிறாராம். ஒரே இழுப்பில் வந்துவிடும் என்று காரணம் சொல்கிறார். பாதிப் பிள்ளைகள் 2 என்றே எழுதிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்த எண்தான் என்று மகிழ்கிறார்கள். அடிக்கோட்டைக் கொஞ்சம் நீட்டச் சொல்லி அதையே உ ஆக்கிவிடுகிறார். பழைய தமிழ் எண்ணில் இரண்டும் ஏறக்குறைய இதே வடிவம்தான் என்பது அவருக்குத் தெரியும் போலிருக்கிறது. தெரிந்துகொண்டே அகர வரிசையைக் குலைக்கலாமா?

அடுத்தது படஅட்டை. அணில், ஆடு, இலை, ஈ, உரல், ஊஞ்சல், எலி, ஏணி, ஐந்து, ஒட்டகம், ஓடம், ஔவை. ஊரிலிருந்து வந்த அட்டை என்றால் இன்னும் நல்லது. அணில் படத்தைத் தூக்கிக் காட்டுங்கள். வீட்டுக் கொல்லையில் தினமும் பார்க்கிற பிராணி, பிள்ளை உடனே “ஸ்குவிரல்!” என்று கத்தும். அதற்கும் அ-வுக்கும் என்ன தொடர்பு என்று அது யோசிக்கும். நீங்கள் யோசிக்காமல் அடுத்த அட்டைக்குப் போய்விடுங்கள். உரலை யாரும் பார்த்ததில்லை. மேளம் என்பார்கள், பூச்சாடி என்பார்கள். ஐந்து விரல் விரித்த அட்டைக்கு வீட்டில் தமிழ் கேட்டு வளர்கிற பிள்ளை “அஞ்சு” என்று சரியாகச் சொல்லும். அது அ-வில்தானே தொடங்குகிறது என்று கேட்டால் அதட்டிவிடுங்கள். தமிழ் தெரிந்த பிள்ளை தண்டனை வாங்கும் ஒரே அட்டை இதுதான்.

இப்போது உச்சரிப்பு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மாத்திரை என்றால் இயல்பாகக் கண் இமைக்கும் நேரம் என்று இலக்கணம் சொல்கிறது. பிள்ளைகளைக் கண்ணிமைக்கச் சொல்லிப் பாருங்கள், அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது. கைதட்டல் இன்னும் வசதி: குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு. பிள்ளை இரண்டு தட்டுக்கு “அ, அ” என்று இரண்டு தனி ஒலியாகச் சொல்லும். ஆ பிறக்காது, ஆனால் சத்தம் நன்றாக இருக்கும். பக்கத்து வகுப்பில் தட்டுவதில்லை. குறிலுக்கு மேசையை விரலால் தொட்டு எடுக்கிறார்கள், நெடிலுக்கு அதே விரலை மேசைமேல் இழுக்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கலை யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். ஏ, ஈ, ஐ, ஓ நான்கும் அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். அவை ஆங்கில எழுத்துகள் நான்கின் பெயர்கள். ஒலி அச்சாக ஒன்றில்லை என்றாலும் காது ஏற்றுக்கொள்ளும். எ, இ, ஒ ஆகிய குறில்களுக்கு அப்படித் துணைக்கு வரும் பெயர் கிடையாது. அதனால்தான் நீங்கள் எ என்று சொன்னால் ஏ என்று எழுதுகிறது. வகுப்பின் கடைசி வரிசைக்கும் கேட்கட்டுமே என்று நீங்களும் எ-வை நீட்டிக் கத்துவீர்கள். அப்போது அது எழுதியது சரியாகிவிடும்; நீங்கள் பிழை என்று சிவப்பு மையில் சுழிப்பீர்கள்.

பக்கத்து ஆசிரியை இந்த ஒரு சோடிக்கு ஒரு முழு வகுப்பைத் தாரைவார்த்ததை நான் கதவோரம் நின்று பார்த்தேன். எழுத்தே காட்டவில்லை. 7, 8 என்று எழுதிய தாள்களைத் தரையில் போட்டார். ஏழு, எட்டு என்று மாற்றி மாற்றிச் சொன்னார். பிள்ளைகள் அந்தந்தத் தாளில் குதித்தார்கள். வீட்டில் அம்மம்மா மாடிப்படி எண்ணும்போது கேட்ட சொற்கள், ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பிறகு சொல்லைப் பாதியில் நிறுத்தினார். “ஏ...” என்றதுமே 7-க்குப் பாய்ந்தார்கள், “எ” என்று வெட்டியதும் 8-க்கு. காது பிரித்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் 7-க்குப் பக்கத்தில் ஏ, 8-க்குப் பக்கத்தில் எ. கீழே கால் நீண்டால் ஒலியும் நீளும் என்று ஒரே வரி. கடைசியில் வகுப்பில் சொல்லித்தராத சொற்களைச் சொன்னார்: எறும்பு, ஏரி, எலும்பு. பிள்ளைகள் சரியான எழுத்தைத் தூக்கினார்கள். மொத்தம் இரண்டே எழுத்து! நாம் அதற்குள் ஔ-வைத் தாண்டியிருப்போம்.

நம் முறையில் படித்த பிள்ளையிடம் ஏ எது என்று கேட்டால் விரல்விட்டு அ, ஆ என்று தொடங்கி எட்டாவது விரலில் வந்து நிற்கும். வரிசையில் எ ஏழாவது, ஏ எட்டாவது. ஆனால் ஏழு என்ற சொல்லுக்கு ஏ, எட்டுக்கு எ. விரல்விட்டு எண்ணும் பிள்ளைக்கு இதையும் சேர்த்துச் சொல்லிவைத்தால் ஆண்டு முழுவதும் தெளியாது.

நேரம் மிச்சமிருந்தால் வீரமாமுனிவரை அழையுங்கள். 18ஆம் நூற்றாண்டுக்கு முன் எகரத்தின் தலையில் புள்ளி வைத்தால் குறில், வைக்காவிட்டால் நெடில், அவர்தான் அதை மாற்றினார் என்பதை ஐந்து வயதுக்குத் தக்கபடி அரை மணி நேரம் விளக்கலாம். மீதி அரை மணி ஔ-வுக்கு. ஒ-வும் ள-வும் சேர்ந்தால் ஔ மாதிரியே இருக்கிறதே என்று ஒரு பிள்ளை கேட்கும். ஔ-வில் ள சிறிது என்று சொல்லி, பெரிதாகவே எழுதிக் காட்டிக் குழப்பிவிடுங்கள். ஔவையையும் ஔடதத்தையும் தவிர அந்தப் பிள்ளைக்கு இந்த எழுத்து எங்கே வரும் என்று கேட்காதீர்கள். வீட்டுப்பாடம்: ஔ, ஐம்பது தடவை.

பன்னிரண்டு மணிக்கு வாசலில் பூட்ஸ் மாட்டும் நெரிசலில் யாராவது ஒரு அம்மம்மா வழிமறிப்பார்.

“டீச்சர், பிள்ளை பாடுறான், ஆனா எழுத்தைக் காட்டினா தெரியேல்லை எண்டுறான்.”

“வீட்டில தமிழ் கதையுங்கோ அம்மா.”

“தமிழ்தான் கதைக்கிறம். அவன் அஞ்சு எண்டு சொன்னதுக்கு நீங்கள்தான் ஏசினீங்களாம்.”

அடுத்த பெற்றோரை நோக்கிக் கையசைத்தபடி நகர்ந்துவிடுங்கள்.